புகைப்படத்தில் இருப்பது என் பிள்ளைதானா?

2015 ஜனாதிபதித் தேர்தலின்போது வெளியான மைத்திரிபால சிறிசேனவின் பிரசுரம் ஒன்றில் பாடசாலை மாணவிகளுடன் அவர் நிற்கும் படம் இருந்தது. அதிலுள்ள ஒரு மாணவி, இறுதிப் போரில் காணாமல் ஆக்கப்பட்ட தன் மகளே என்றார் வவுனியாத் தாய் ஒருவர். அந்தப் படத்தை ஏந்தியே அவர் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார்.

77 கலவரத்திற்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கே பிள்ளைகளை இழந்த குடும்பங்களும் உண்டு. அப்புத்தளையில் அப்படியொரு குடும்பத்தின் உறவினர் என்னிடம் கேட்டார்: "ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா நிபுணர் சொல்லிட மாட்டாரா?"

நல்ல பரிசோதகர் முதலில் இரண்டையும் பக்கத்தில் வைக்கமாட்டார். அடையாளம் தெரியாத படத்தைத் தனியே எடுத்து, காதின் மடிப்புகள், மூக்கின் அடிப்பகுதி, உதட்டு விளிம்பு, மச்சம், தழும்பு என்று தெரிவதை மட்டும் எழுதிவைப்பார். தெரிந்த முகத்தை முதலில் பார்த்துவிட்டால், மங்கலான படத்திலும் அதையே கண் தேடும். அதன்பிறகே ஒப்பீடு. முடிவில், அவரது கருத்தை அறியாத இன்னொருவர் மீண்டும் பார்க்கவேண்டும்.

சிக்கல் வேற்றுமைகளில்தான். கமராவை அரை மீற்றர் தூரத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கித் தெரியும். அதே முகம் மூன்று மீற்றரில் வேறாக இருக்கும். ஆகவே படத்தில் அளவுகோல் வைத்து அளப்பதை இன்று துறைசார்ந்தோர் ஏற்பதில்லை. அச்சடித்த பிரசுரமோ வெறும் மைப்புள்ளிகள். பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும், காது தெளியாது. இடையில் ஆறு வருடம் வளர்ந்த பிள்ளையின் தாடையும் மாறியிருக்கும். விளக்கமுடியாத ஒரு வேற்றுமை, உதாரணமாக காதுமடல் ஒட்டியிருப்பதும் தொங்குவதும், இருவரும் வேறு என்று சொல்லப் போதும். பத்து ஒற்றுமைகள் இருந்தாலும் ஒருவரே என்று சொல்லப் போதாது. அதே மூக்கும் உதடும் எத்தனை பேருக்கு உண்டு என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

நீதிமன்றங்கள் தயங்குவது இதனால்தான். அவுஸ்திரேலியாவில் முகத்தைத் துணியால் மூடிய கொள்ளையனின் சிசிரிவி படத்தைப் பார்த்த உடற்கூற்றியல் பேராசிரியர் ஒருவர், மெலிந்த உடல், நீண்ட தலை, வலக்கைப் பழக்கம் எனச் சந்தேகநபருடன் ஒத்த அம்சங்களை அடுக்கினார். தண்டனை கிடைத்தது. 2014இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. படத்தைப் பார்த்து யாரும் பெறக்கூடிய அபிப்பிராயத்திற்கு அவர் விஞ்ஞானப் போர்வை போர்த்தினார் என்பதே காரணம். எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் நிபுணரின் சொல்லைக் கருத்தாகவே அனுமதிக்கிறது.

தாய் பிள்ளையை அடையாளம் காண்பது வேறு வகைச் சாட்சியம். நடை, சிரிப்பு எல்லாம் சேர்ந்த அறிவு அது. ஆனால் ஏக்கமும் அதில் கலந்திருக்கலாம் என்று குறுக்கு விசாரணையில் சட்டத்தரணி கேட்கவே செய்வார். படம் ஒரு தேடலைத் தொடக்கலாம். யாரென்று முடிப்பது மரபணுப் பரிசோதனையோ பாடசாலைப் பதிவோதான்.

வீட்டில் பழைய படம் இருந்தால் கைத்தொலைபேசியில் எடுத்த பிரதியை மட்டும் கொடுக்காதீர்கள். வட்ஸ்அப்பில் போய்வந்த படம் தரம் குறைந்திருக்கும். மூலப் படத்தையும், ஸ்ரூடியோவில் கிடைத்தால் நெகட்டிவையும், எடுத்த ஆண்டோடு பத்திரப்படுத்துங்கள். ஒரே பிள்ளையின் வெவ்வேறு வயதுப் படங்கள் பல இருந்தால் இன்னும் நல்லது. காது தெரியும் பக்கவாட்டுப் படம் ஏதும் உண்டா என்றுதான் அந்த உறவினரிடம் நானும் கேட்டேன். ஒரு கல்யாணப் படத்தில், மூலையில், இருந்தது.