பையரின் மெயிலும் 17 பீஸும்

திருப்பூரின் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் எங்கும் நடக்கக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். 8,000 டி-ஷர்ட் பேக்கிங் முடிந்து, பையர் அனுப்பிய ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். மதியம் மெயில் வருகிறது: "லாட் ஃபெயில். உங்கள் ஆட்களுக்கு டேப் பிடிக்கக்கூடத் தெரியாதா? இப்படியே போனால் அடுத்த ஆர்டரை மறந்துவிடுங்கள்."

அதை முதலில் படிப்பவர் மெர்ச்சண்டைசர். படித்த சூட்டில் அப்படியே ஃபேக்டரி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? செக்கிங் பெண்கள் கண்கலங்குவார்கள், கட்டிங் மாஸ்டரும் லைன் சூப்பர்வைசரும் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். சாயங்காலம் வரை ஒரு பெட்டியைக்கூட யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த மெயிலில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: என்ன குறை, என்ன செய்யச் சொல்கிறார்கள், எவ்வளவு கோபம். முதல் இரண்டும் ஒரு சொல் குறையாமல் தளத்துக்குப் போக வேண்டும். கோபத்தை மட்டும் மெர்ச்சண்டைசர் தன் மேஜையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அதற்காக விஷயத்தின் கனத்தைக் குறைத்துச் சொல்வதும் தவறு. லாட் ஃபெயில், மறு ஆய்வு உண்டு, கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில் விழும் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆய்வு அறிக்கையின் எண்கள் இங்கே பெரிய துணை. ஏ.க்யூ.எல். 2.5 என்ற அளவுகோலில், வழக்கமான ஆய்வு நிலையில், 8,000 பீஸ் லாட்டிலிருந்து 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 10 பீஸ் வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் ஃபெயில். இங்கே 17 பீஸ். அத்தனையிலும் ஒரே குறைதான்: உடல் நீளம் 1.5 செ.மீ. குறைவு. அனுமதி 1 செ.மீ. வரைதான். "டேப் பிடிக்கத் தெரியாதவர்கள்" என்ற வசவை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. "17 பீஸ், நீளம், 1.5 செ.மீ." என்பதைப் பிடித்துக்கொண்டால் அரை மணியில் தேடலைத் தொடங்கிவிடலாம்.

கூட்டத்தை ஆபீஸ் அறையில் வைக்காமல் கட்டிங் டேபிளைச் சுற்றி வைப்பது நல்லது. குறைப்பட்ட பீஸ்கள் எல்லோர் கண் முன்னும் இருக்கும். "மாஸ்டர், இந்த அஞ்சு பீஸை நீங்களே அளந்து பாருங்க. எங்க குறையுதுன்னு சேர்ந்து பார்ப்போம்" என்று மெர்ச்சண்டைசர் டேப்பை நீட்டுகிறார். மாஸ்டர் அளக்கிறார். பீஸை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "எல்லாமே நேவி ப்ளூங்க. வெள்ளையில ஒண்ணுகூட இல்லையே."

அந்த ஒரு வரியில் தேடல் சரியான பாதைக்கு வந்துவிடுகிறது. வெட்டியபோது அளவு சரியாக இருந்ததா? பேட்டர்ன்படி சரிதான். பிறகு எங்கே சுருங்கியது? அயர்னிங்கில், நீராவி பட்டதும். ஏன்? பின்னல் துணி ரோலாகச் சுற்றி வரும்போது இழுபட்ட நிலையில் இருக்கும். ரோலைப் பிரித்துப் போட்டு, பொதுவாக ஒரு நாளாவது ஆறவிட்ட பிறகே வெட்ட வேண்டும். நேவி ப்ளூ ஆறவில்லை. ஏன்? சாயப்பட்டறையிலிருந்து இரண்டு நாள் தாமதமாக வந்தது, கப்பல் தேதியோ மாறவில்லை. வந்த உடனே வெட்டச் சொன்னது யார்? மெர்ச்சண்டைசரேதான். அவருடைய செய்தி கட்டிங் மாஸ்டரின் போனில் இருக்கிறது.

ஆள் தேடும் கூட்டமாக அது இருந்திருந்தால் பழி செக்கிங் பெண்களோடு நின்றிருக்கும். "அது நான் சொன்னதுதான்" என்று மெர்ச்சண்டைசர் எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்ளும் அந்த நிமிடத்துக்குத்தான் இந்தக் கட்டுரையாளர் மிகுந்த மதிப்புத் தருவார். மற்றவர்கள் வாய் திறப்பது அதற்குப் பிறகுதான்.

டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, 1978-இல் வெளிவந்த தம் நூலில் இதே போன்ற கேள்வித் தொடரை விளக்குகிறார். இயந்திரம் நின்றுவிட்டது. காரணம், ஃபியூஸ் போனது. மேலும் மேலும் "ஏன்" என்று கேட்டுப் போனால், எண்ணெய் பம்பில் வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும்.

உண்மையிலேயே ஒருவர் வேலையில் அலட்சியமாக இருந்திருந்தால்? அதைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும், கட்டிங் டேபிளைச் சுற்றி அல்ல.

திட்டிப் பேசிய தளத்தை ஒரு வாரத்தில் அடையாளம் காணலாம். செக்கிங் நோட்டில் குறைகளின் எண்ணிக்கை திடீரென்று சரியும். கடைசி ஆய்வில் மட்டும் அதே அளவு குறை கிடைத்துக்கொண்டிருக்கும். தையல் மேம்பட்டதால் வந்த சரிவல்ல அது. எழுதவே பயந்துவிட்டார்கள்.

அன்று மாலை பையருக்குப் பதில் போகிறது. நேவி ப்ளூ முழுவதும் மறுபடி அளக்கப்பட்டு, குட்டையானவை தனியே எடுக்கப்படும், காரணம் இது, இனி ஒவ்வொரு ரோலிலும் பிரித்த நேரம் எழுதப்படும், ஆறாத துணியை வெட்டச் சொல்ல மெர்ச்சண்டைசருக்கும் அதிகாரமில்லை. மறுநாள் காலை புது ரோல்கள் வந்து இறங்குகின்றன. மாஸ்டர் முதல் ரோலைப் பிரித்துப் போட்டு, அதன் சீட்டில் 9.40 என்று எழுதுகிறார்.