இரட்டிப்புக் கட்டையும் போட்டிப் புள்ளியும்

பேக்காமன் விளையாட்டில் ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள், 24 கட்டங்கள் கொண்ட பலகை. தன் காய்கள் அனைத்தையும் பலகையைச் சுற்றிக் கொண்டுவந்து முதலில் வெளியேற்றுபவர் வென்றார். இந்த விளையாட்டு மிகப் பழையது. ஆனால் இன்று பலகையின் ஓரத்தில் வைக்கப்படும் 2, 4, 8, 16, 32, 64 என்று எண்கள் பொறித்த கட்டை, 1920களில் நியூயார்க்கில் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் பதிவாகவில்லை.

கட்டையின் வேலை எளிது. ஆட்டம் ஒரு புள்ளிக்குத் தொடங்குகிறது. தன் முறை வரும்போது, பகடை உருட்டும் முன், ஒருவர் "இந்த ஆட்டம் இனி இரண்டு புள்ளிக்கு" என்று கட்டையை எதிராளியின் பக்கம் நகர்த்தலாம். எதிராளி மறுத்தால் ஆட்டம் அங்கேயே முடியும். அவருக்கு ஒரு புள்ளி நட்டம். ஏற்றால் இரண்டு புள்ளிக்கு ஆட்டம் தொடரும்; கட்டையும் அவர் கைக்கு வரும். அடுத்த இரட்டிப்பைக் கேட்கும் உரிமை இனி அவருக்கு மட்டுமே. தோற்றவர் ஒரு காயைக்கூட வெளியேற்றாமல் இருந்தால் அந்தத் தோல்விக்குக் கேமன் என்று பெயர். கட்டை காட்டும் எண்ணைப் போல இரு மடங்கு புள்ளி எதிராளிக்குப் போகும்.

இரட்டிப்பை ஏற்கலாமா என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரே நிலை 100 முறை வருவதாகக் கொள்வோம். எல்லா முறையும் மறுத்தால் 100 புள்ளி நட்டம். எல்லா முறையும் ஏற்று 25 முறை வென்றால் 50 புள்ளி வரவு, 150 புள்ளி செலவு; நிகர நட்டம் அதே 100. ஆகவே நான்கில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பு இருந்தாலே ஏற்பதால் கூடுதல் நட்டம் இல்லை. தோற்றுக்கொண்டிருப்பவர் இரட்டிப்பை ஏற்பது துணிச்சலாகத் தெரியும். உண்மையில் அது நட்டத்தைக் குறைக்கும் வழி. கட்டை கைக்கு வந்தால் பின்னர் திருப்பி இரட்டிக்கலாம் என்பதால், ஆட்டத்தின் நடுவில் 25 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்த நிலைகளையும் ஏற்க முடியும். கேமன் தோல்வி நெருங்கிவந்தால் மட்டும் அந்த எல்லை மேலே ஏறும்.

இதை ஆட்டத்தின் கடைசி உருட்டலில் தெளிவாகப் பார்க்கலாம். இரட்டிப்பவருக்கு இரண்டே காய்கள் மிச்சம்: ஒன்று வீட்டின் 3ஆம் கட்டத்தில், மற்றொன்று 2ஆம் கட்டத்தில். எதிராளிக்கு ஒரு காய்தான் மிச்சம். தன் முறை வந்தால் அதை அவர் கட்டாயம் எடுத்துவிடுவார். இரண்டு பகடைகள் விழும் வகைகள் மொத்தம் 36. அவற்றில் எந்தப் பகடையிலும் 1 வராத 25 வகைகளில் இரு காய்களும் வெளியேறும். இரட்டை 2 விழுந்தாலும் போதும், ஏனென்றால் இரட்டை விழுந்தால் நான்கு முறை நகர்த்தலாம். ஏதேனும் ஒன்றில் 1 விழும் 11 வகைகளில் எதிராளி வெல்வார். அவருடைய வாய்ப்பு 36இல் 11, அதாவது 30.6 விழுக்காடு.

புள்ளிக்குப் பணம் வைத்துத் தனித்தனி ஆட்டமாக விளையாடினால் இதை ஏற்றே ஆகவேண்டும். 36 முறை மறுத்தால் 36 புள்ளி போகும். 36 முறை ஏற்றால் 22 வந்து 50 போகும், நட்டம் 28தான்.

இதே காய்கள் இதே கட்டங்களில் நிற்க, மூன்று புள்ளிப் போட்டியில் இருவரும் 1–1 என்று இருந்தால் பதில் மாறிவிடுகிறது. இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது புள்ளி நட்டத்தை அல்ல, போட்டியை வெல்லும் வாய்ப்பை. ஏற்றால் ஆட்டம் இரண்டு புள்ளிக்கு. வெல்பவர் 3ஐ எட்டுவார், போட்டி அங்கேயே முடியும். ஏற்பவரின் வாய்ப்பு அந்த 30.6 மட்டும்தான். மறுத்தால் 2–1 என்று பின்தங்குவார், ஆனால் போட்டி உயிரோடு இருக்கும். அங்கிருந்து வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? அடுத்த ஆட்டத்தை அவர் பாதி முறை வெல்வார். அந்த வெற்றிகளில் கால்வாசிக்குச் சற்றே கூடுதலானவை கேமனாக அமையும். இரண்டு புள்ளி கிடைத்துப் போட்டி உடனே அவருடையதாகும். மற்ற வெற்றிகள் 2–2 என்று நிறுத்தும். அங்கே இருவருக்கும் சம வாய்ப்பு. கூட்டினால் ஏறத்தாழ 32 விழுக்காடு வரும். 32 இருக்க 30.6ஐ எடுப்பது தவறு. வித்தியாசம் சிறியது, ஆனால் மறுப்பதே சரி.

இரட்டிப்பவரின் கணக்கும் 1–1இல் மாறுகிறது. தனி ஆட்டத்தின் நடுவில் அவர் தயங்குவதற்குக் காரணம், கட்டை எதிராளியின் கைக்குப் போய் ஆயுதமாகிவிடும் என்பதே. இங்கே அந்தக் கட்டைக்கு உயிர் இல்லை. இரண்டு புள்ளியே போட்டியை முடிக்கும் இடத்தில் நான்காக்கி யாருக்கும் பயனில்லை. எனவே 50 விழுக்காட்டைத் தாண்டிய வாய்ப்பும், அடுத்த இரண்டு உருட்டல்களில் எதிராளி மறுக்குமளவு நிலை முன்னேறிவிடும் அபாயமும் இருந்தால் உடனே இரட்டிக்க வேண்டும். தனி ஆட்டப் பழக்கத்தில் "இன்னும் கொஞ்சம் முன்னேறட்டும்" என்று காத்திருப்பதுதான் இந்தப் புள்ளி நிலையில் அடிக்கடி நேரும் பிழை. காத்திருந்து நிலை வலுத்தால் எதிராளி மறுத்துவிடுவார். போட்டியே கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிதான் கிடைக்கும். கேமன் வெற்றி கண்ணுக்குத் தெரியும் நிலை மட்டும் விதிவிலக்கு. இரட்டிக்காமலேயே அது இரண்டு புள்ளி தரும் என்பதால் அங்கே கட்டையைத் தொடாமல் விளையாடுவது நல்லது.

ஒருவர் வெற்றிக்கு ஒரே புள்ளி தூரத்தை எட்டும்போது இன்னொரு விதி குறுக்கே வருகிறது. ஜான் கிராஃபோர்டின் பெயரைத் தாங்கிய இந்த விதியின்படி, அதற்கு அடுத்த ஒரே ஒரு ஆட்டத்தில் யாரும் இரட்டிக்கக்கூடாது. இந்தத் தடை இல்லையென்றால் பின்தங்கியவர் முதல் முறையிலேயே இரட்டிப்பார். முன்னிலையில் இருப்பவருக்கு ஒரு புள்ளி போதும். பின்தங்கியவர் எப்படித் தோற்றாலும் போட்டி போனதுதான், அதனால் பங்கை உயர்த்துவதில் அவருக்கு இழப்பே இல்லை. அந்த ஓர் ஆட்டம் முடிந்தபின் தடை நீங்கும். அதன்பின் பின்தங்கியவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் வாய்ப்பிலேயே இரட்டிக்க வேண்டும். மறந்தால், தான் வெல்ல வேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கையை வீணே கூட்டிக்கொள்கிறார்.

முன்னிலையாளரின் பதில் எதிராளிக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஐந்து புள்ளிப் போட்டியில் தடை ஆட்டம் முடிந்து 4–3 என்று இருக்கிறது. எதிராளிக்கு இரண்டு புள்ளி வேண்டும். இரட்டிப்பை மறுத்தால் 4–4, வாய்ப்பு சரிபாதி. ஏற்றால் இந்த ஆட்டமே போட்டியைத் தீர்மானிக்கும். ஆகவே தொடக்க உருட்டல்களில் முன்னிலையாளர் சற்றே பின்தங்கியிருந்தாலும் மறுப்பது நல்லது; அந்த மறுப்பு ஏறக்குறைய இலவசம்.

4–2 என்றால் நிலைமை வேறு. மறுத்தால் 4–3 ஆகி வாய்ப்பு 50ஐ ஒட்டி இறங்கும். ஏற்றுத் தோற்றாலும் சாதாரணத் தோல்வியில் 4–4தான். இந்த ஆட்டத்தில் முன்னிலையாளருக்கு 40 விழுக்காடுதான் வெற்றி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், ஏற்பவர் அந்த 40ஐயும் மீதமுள்ள 60இல் பாதியையும் பெறுகிறார். தோல்விகளில் கால்வாசி கேமனாகி எதிராளி நேரே 5ஐத் தாண்டிவிடுவதைக் கழித்தாலும் 62 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் மறுப்பவர் பத்து விழுக்காட்டுக்கும் அதிகமான வாய்ப்பை வீணாக்குகிறார். தோல்விகளில் பெரும்பங்கு கேமனாக முடியும் அளவுக்கு நிலை மோசமாக இருந்தால் மட்டுமே அவர் மறுப்பதை யோசிக்கலாம்.