ஈரல், குண்டிக்காய், குடல்: ஒரே ஆடு, மூன்று கணக்கு

ஆட்டின் உடலில் ஓர் உறுப்பு செய்துவந்த வேலைதான் அதில் என்ன சத்து இருக்கும், அதை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும், யார் அதைக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. ஈரல் சேமித்து வைக்கும் உறுப்பு. சிறுநீரகம், அதாவது கறிக்கடையில் குண்டிக்காய் என்று கேட்டு வாங்குவது, வடிகட்டும் உறுப்பு. குடல் என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி இரைப்பையின் சுவர்; தீனியைப் பிசைந்து நகர்த்தும் தசை அது. மூன்றையும் உள்ளுறுப்பு என்ற ஒரே தலைப்பில் போட்டு, ‘சத்து அதிகம்’ என்றோ ‘கொழுப்பு, ஆகாது’ என்றோ பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் ஈரல். நூறு கிராம் பச்சை ஆட்டு ஈரலில் சுமார் 20 கிராம் புரதமும் 7 மில்லிகிராம் இரும்பும் இருக்கின்றன. இந்த இரும்பு, கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும். வைட்டமின் பி12 அளவு 90 மைக்ரோகிராம் வரை போகிறது. ஒருவரின் ஒரு நாள் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்குள் அடங்கிவிடும். பி12 என்ற சத்து கண்டுபிடிக்கப்பட்டதற்கே ஈரல்தான் வழிகாட்டியது. உயிரைக் குடித்துக்கொண்டிருந்த ஒருவகை இரத்தசோகைக்கு, தினமும் ஏராளமான ஈரலைச் சாப்பிடக் கொடுத்தால் நோயாளி பிழைத்துக்கொள்கிறார் என்று ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1926இல் காட்டினார்கள். ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் வேலை செய்த பொருள் பி12 என்பது 1948இல்தான் பிரித்தெடுத்து அறியப்பட்டது.

குண்டிக்காய் இரும்பிலும் பி12இலும் ஈரலுக்கு அருகில் வருகிறது. செலினியம் என்ற தாதுச்சத்தில் ஈரலையே மிஞ்சுகிறது. வைட்டமின் ஏ மட்டும் மிகக் குறைவு. குடலின் கணக்கே வேறு. புரதம் 12 கிராம் அளவுதான். அதிலும் பெரும்பங்கு கொலாஜன் என்ற நார்ப்புரதம். உடலுக்கு அவசியமான சில அமினோ அமிலங்கள் அதில் போதிய அளவு இருப்பதில்லை. இரும்பு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. ஆகவே இரத்தம் ஊறும் என்று நம்பிக் குடல் குழம்பு சாப்பிடுவதில் பயனில்லை. எளிதில் வயிறு நிறையும், ஒட்டியிருக்கும் கொழுப்பை எடுத்துவிட்டால் கொழுப்பும் குறைவு என்பதே அதன் நிஜமான சிறப்பு.

சுத்தம் செய்வதில் ஈரல் எளிது. முழுத்துண்டாகவே கழுவ வேண்டும்; நறுக்கிய பிறகு நீரில் அலசினால் சாறும் சுவையும் தண்ணீரோடு போய்விடும். மேலே உள்ள மெல்லிய சவ்வையும் உள்ளே ஓடும் தடித்த குழாய்களையும் நீக்கினால் போதும். பச்சை நிறக் கறை இருந்தால் பித்தப்பை உடைந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைத் தாராளமாக வெட்டி எறியாவிட்டால் குழம்பு முழுவதும் கசக்கும். குழாய்களுக்குள் இலை போன்ற தட்டைப்புழுக்கள் தெரிந்தாலும், மேற்பரப்பில் நீர் நிறைந்த கொப்புளங்கள் இருந்தாலும் அந்த ஈரலையே ஒதுக்க வேண்டும். கொப்புளம் நாடாப்புழுவின் இளம்பருவம். அதை நாய்க்குப் போடக் கூடாது. நாயின் குடலில் அது முழுப்புழுவாக வளர்ந்து, நாயின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் வழியாக மனிதரைத் தொற்றும்.

குண்டிக்காயில் கவலை நாற்றம். வெளிக்கொழுப்பையும் சவ்வையும் உரித்துவிட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் நடுவில் வெண்மையான தண்டு தெரியும். சிறுநீர் சேர்ந்து இறங்கும் பாதை அதுதான். கத்தரிக்கோலால் அதை அடியோடு எடுத்தபின், உப்புக் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். இவ்வளவு செய்தும் நெடி மூக்கைத் துளைத்தால் அது பழைய சரக்கு. எத்தனை மசாலா போட்டாலும் மறையாது.

அதிக உழைப்பு கேட்பது குடல். துண்டுபோல் சொரசொரப்பாக இருக்கும் பெரிய இரைப்பையைப் பிரித்து, சாணத்தைக் கொட்டி, ஓடும் நீரில் அலச வேண்டும். உள்பக்கத்துக் கருந்தோலை நீக்க ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பு கரைத்த சுடுநீர் உதவும். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது: கொதிக்கும் நீரில் போட்டால் தோல் வெந்து இறுகி, சுரண்டினாலும் வராது. கை பொறுக்காத சூடு போதும், தளபுளவென்று கொதிக்கக் கூடாது. ஒரு ஓரத்தை அரை நிமிடம் முக்கிக் கரண்டியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். கறுப்பு வழுக்கிக்கொண்டு வந்தால் உடனே வெளியே எடுத்துவிடலாம். சிறுகுடலைக் குச்சியில் கோத்து உள்வெளியாகப் புரட்டிக் கழுவுவது வழக்கம். பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, நீர் தெளியும்வரை அலசி, சுண்ணாம்பு வாடை முழுதும் போனதை உறுதிசெய்துகொண்டு, பத்து நிமிடம் வேகவைத்த முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும். இந்த வேலைக்கான பலகையும் கத்தியும் காய்கறிப் பக்கம் போகக் கூடாது. சாணத்தில் உள்ள கிருமிகள் வேகாத கீரையில் ஒட்டினால் நோய்தான். குடல் குக்கரில் நெடுநேரம் வேக வேண்டியது. ஈரலோ சில நிமிடங்களில் வெந்து, மேலும் கிடந்தால் ரப்பராகிவிடும்.

யார் குறைக்க வேண்டும் என்பதில் ஈரலுக்கு நீண்ட பட்டியல் உண்டு. காரணம் வைட்டமின் ஏ. நான்கு பேர் உள்ள வீட்டில் கால் கிலோ ஈரல் வாங்கினால் ஒருவருக்கு 60 கிராம் வரும். அதில் சுமார் 4,400 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கும். பெரியவர்களுக்கான தினசரி உச்சவரம்பு 3,000. வாரம் ஒருமுறை என்றால் அந்த அளவு ஏழு நாளுக்கும் பரவி, நாளொன்றுக்கு 630 அளவில் நின்றுவிடும். நலமாயிருப்பவர்களுக்கு அது சிக்கலில்லை. தினமும் சாப்பிட்டால்தான் தேங்கும். கர்ப்பிணிக்கு இந்தச் சலுகை கிடையாது. கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மாதங்களில் மிகை வைட்டமின் ஏ பிறவிக் குறைகளை உண்டாக்கக் கூடும். எனவே பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை கர்ப்பிணிகள் ஈரலையே தவிர்க்கச் சொல்கிறது. இரத்தசோகைக்காக நம் வீடுகளில் கொடுக்கும் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வேறு உறுப்பு. அதில் இரும்பு ஈரலைவிடப் பல மடங்கு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். இருந்தாலும் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைக்கு அது மாற்றாகாது.

யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களுக்கு ஈரலும் குண்டிக்காயும் ஆகாது. இரண்டிலும் பியூரின் மிகுதி. குடலில் அது குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை, அடிக்கடி வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் பாஸ்பரஸ் கருதியும் முதல் இரண்டையும் குறைக்க வேண்டும். முதிய ஆட்டின் சிறுநீரகத்தில் காட்மியம் என்ற உலோகம் வயதோடு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், இளம் ஆட்டினுடையதை எப்போதாவது சாப்பிடுவதே நல்லது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தாலசீமியா நோயாளிகளின் உடலில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். அவர்கள் ஈரல், மண்ணீரல் இரண்டையும் தொடக் கூடாது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கும் செம்பு மிகுந்த ஈரல் விலக்குதான்.