சிக்னல் இல்லாத பேருந்தில் ஆறு பேர் விளையாட்டு

மலைப்பாதையில் பேருந்து. யாருடைய போனிலும் சிக்னல் இல்லை. ஆனாலும் கடைசி இருக்கையில் ஆறு நண்பர்கள் ஒன்றாக மினி மிலிஷியா விளையாடுகிறார்கள். எப்படி?

ஒருவர் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுகிறார். அந்தப் போன் ஒரு சின்ன வைஃபை நிலையமாகிவிடுகிறது. மற்ற ஐந்து பேரும் அதில் இணைகிறார்கள். ஒருவர் ஆட்டத்தைத் தொடங்க, மற்றவர்கள் உள்ளூர் வைஃபை வழியாகச் சேர்கிறார்கள். சுடுவதும் ஓடுவதும் போனிலிருந்து போனுக்கே போகின்றன, இணையம் தேவையில்லை.

ஒருவருக்கு மட்டும் ஆட்டம் கண்ணில் படவில்லையா? முதலில் அவருடைய மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் சில போன்கள் தாமாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். 'இணைப்பிலேயே இருக்கவா?' என்று போன் கேட்டால் 'ஆம்' சொல்லுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை என்றால், ஹாட்ஸ்பாட் தரும் போனின் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸை 2.4 ஆக மாற்றுங்கள். பழைய போன்களுக்கு அதுதான் எட்டும்.

ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் தருபவரும் டேட்டாவை அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் சிக்னல் வந்ததும் நண்பர்களின் செயலிகள் அவருடைய டேட்டாவைத்தான் தின்னும். எல்லோரிடமும் விளையாட்டின் ஒரே பதிப்பு இருக்கட்டும். அதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பார்த்துவிடுங்கள்.