எச்.டி.ஆர். திரையில் உச்ச ஒளியும் தாள் வெண்மையும்

எச்.டி.ஆர். வசதியுள்ள வீடியோ கேம்கள் பலவற்றின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு ஸ்லைடர்கள் இருக்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமில் அவை Peak Brightness, Paper White என்ற பெயர்களில் உள்ளன. முதலாவது உச்ச ஒளி. சூரியன், தீப்பொறி, உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் வெயில் போன்றவற்றுக்கு கேம் அனுப்பும் ஒளியின் மேல் எல்லை அது. இரண்டாவது தாள் வெண்மை. சாதாரண வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளோ சுண்ணாம்புச் சுவரோ எவ்வளவு பளிச்சென்று தெரியவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் அலகு நிட்.

உச்ச ஒளிக்குச் சரியான விடை ஒன்றுதான். அதைச் சொல்வது டிவியின் திறன். தாள் வெண்மைக்கு அப்படி ஒரே விடை கிடையாது. அறையின் வெளிச்சமும் பார்ப்பவரின் கண்ணும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. ஆகவே உச்ச ஒளியை முதலில் வைத்துவிட்டு, பிறகு தாள் வெண்மைக்கு வருவதே முறை.

எச்.டி.ஆர். சிக்னல் 10,000 நிட் வரையிலான ஒளியைக் குறிக்க வல்லது. பெரும்பாலான வீட்டு டிவிகள் அதில் சிறு பகுதியைத்தான் எட்டும். எஞ்சியதைத் திரையின் எல்லைக்குள் சுருக்கிக் கொண்டுவர வேண்டும்; இதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். கேமும் சுருக்கி, டிவியும் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கினால் படம் கெடும். இதைத் தவிர்க்கத்தான் பல டிவிகளில் HGIG என்ற தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் டிவி சுருக்குவதை நிறுத்திவிடும். தன் எல்லைக்கு மேற்பட்ட ஒளியை அப்படியே வெட்டிவிடும். அந்தத் தேர்வு இல்லாத டிவியில், காட்சிக்குக் காட்சி ஒளியை மாற்றும் டைனமிக் டோன் மேப்பிங்கையாவது நிறுத்திவிட வேண்டும். அடுத்து, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களின் எச்.டி.ஆர். அளவீட்டை முடிக்க வேண்டும். சில கேம்கள் அந்த அளவையே எடுத்துக்கொள்ளும்.

800 நிட் எட்டும் ஓர் ஓஎல்இடி டிவியை எடுத்துக்கொள்வோம். கேமின் அளவீட்டுத் திரையில் பொதுவாக மிகப் பிரகாசமான ஒரு கட்டமும் அதற்குள் ஒரு சின்னமும் தெரியும். ஸ்லைடரை உயர்த்த உயர்த்தச் சின்னம் மங்கிக்கொண்டே வரும். அது கட்டத்தோடு கலந்து மறையும் முதல் புள்ளியில் நிறுத்த வேண்டும். இந்த டிவியில் அது 800-க்கு அருகில் அமையும். 2,000, 3,000 என்று போன பிறகும் சின்னம் மறையவில்லை என்றால், டிவி இன்னும் சுருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிவியின் அமைப்புக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இதே டிவியில் உச்ச ஒளியை 4,000 என்று வைத்தால், 800-க்கு மேற்பட்டது எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். சூரியனைச் சுற்றியுள்ள மேகத்தின் மடிப்புகள் அழியும். 400 என்று வைத்தால் மடிப்புகள் பிழைக்கும். ஆனால் வெயிலில் வெயிலின் கூர்மை இருக்காது, திரையின் பாதித் திறன் பயன்படாமலே போகும்.

இனி தாள் வெண்மை. ஒளிபரப்புத் துறையின் பரிந்துரை இதற்கு 203 நிட் என்கிறது. தொடங்குவதற்கு 200 நல்ல அளவு. அப்போது வெள்ளைச் சுவரைவிட நான்கு மடங்கு பிரகாசமாகச் சூரியனைக் காட்ட இந்த டிவியால் முடியும். தாள் வெண்மையை 500-க்கு உயர்த்தினால் அந்த இடைவெளி 1.6 மடங்காகச் சுருங்கிவிடும். படம் மொத்தமும் வெளிச்சமாக இருக்கும். ஆனால் விளக்குக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைந்து, காட்சி தட்டையாகும். பெரும்பகுதி வெள்ளையான காட்சியில் ஓஎல்இடி திரை 800 நிட்டைத் தாங்காது. தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பனிவெளிக்குள் நுழைந்ததும் திரை மங்குவது இதனால்தான்.

அளவீட்டுத் திரையை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. கேமுக்குள் போய், பகல் நேரத்துக் காட்சி ஒன்றில் ஒரு முகத்தையும் வெள்ளைத் துணியையும் பார்க்க வேண்டும். துணி சாம்பல் நிறமாகவும் நிழல்கள் சேறு போலவும் தெரிந்தால் சற்று உயர்த்தலாம். துணியே விளக்குப் போல ஒளிர்ந்து, எழுத்துகள் கண்ணைக் கூசினால் குறைக்கலாம். இருட்டறையில் 150 போதுமானதாக இருக்கலாம். பகலில் ஜன்னல் திறந்திருக்கும் அறைக்கு 300 தேவைப்படலாம்.

சில கேம்களில் இந்த ஸ்லைடர் காட்சியைத் தொடாமல் எழுத்துகளையும் குறியீடுகளையும் மட்டும் மாற்றும். நகர்த்தும்போது பின்னணிச் சுவரும் மாறுகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். மாறவில்லை என்றால், காட்சியின் பொது வெளிச்சத்துக்கு அந்த கேமில் வேறு ஸ்லைடர் இருக்கிறதா என்று தேட வேண்டும். டிவியின் படப் பயன்முறையை மாற்றினால் அதன் எல்லையும் மாறும் என்பதால், உச்ச ஒளியை மறுபடி அளக்க வேண்டும். அறையின் வெளிச்சம் மட்டும் மாறியிருந்தால் தாள் வெண்மையைத் திருத்தினாலே போதும்.