வட்டியைவிட அதிக வருமானம் போதுமா?

கோவையில் ஒரு நூற்பாலை. வங்கிக் கடன் 40 கோடி ரூபாய், வட்டி 10 சதவீதம். புது இயந்திரம் ஆண்டுக்கு, வரி போக, 11 சதவீதம் ஈட்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதல்தானே, வாங்கலாமே என்றுதான் தோன்றும்.

அந்தக் கணக்கில் பங்குதாரர்கள் விடுபட்டுப்போகிறார்கள். அரசுக் கடன்பத்திரம் 7 சதவீதம் தரும்போது, ஆலையின் ஏற்ற இறக்கத்தைச் சுமப்பவர் 16 சதவீதமாவது எதிர்பார்ப்பார். வட்டியைப் போல இதற்குப் பில் வராது. ஆனாலும் இது செலவுதான்.

ஆலைப் பங்குகளின் சந்தை மதிப்பு 60 கோடி. வட்டிக்கு வரிச்சலுகை உண்டு. வரி 25 சதவீதம் என்றால் கடனின் உண்மையான செலவு 7.5 சதவீதம். மூலதனத்தில் கடனின் பங்கு 40 சதவீதம், அதனால் 3. பங்கு மூலதனம் 60 சதவீதம், அதனால் 9.6. மொத்தம் 12.6 சதவீதம். இதுவே எடையிட்ட சராசரி மூலதனச் செலவு. 11 சதவீத இயந்திரம் பங்குதாரர்களின் செல்வத்தைக் கரைக்கிறது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பங்கு மூலதனம் கணக்கேட்டில் 20 கோடிதான் என்று அதை எடுத்தால், சராசரி 10.3 ஆகக் குறைந்து இயந்திரம் தேறிவிடும். இன்றைய பங்குதாரர் இன்றைய விலைக்குத்தான் வருமானம் கேட்கிறார். சந்தை மதிப்பே சரி.

கடனைக் கூட்டினால் சராசரி இறங்கிக்கொண்டே போகுமா? போகாது. கடன் ஏற ஏற, பங்குதாரரும் வங்கியும் கூடுதலாகக் கேட்பார்கள்.