உங்களுக்குத் தெரியுமா? சந்தா போக மிச்சம்தான் புத்தகத்துக்கு

கண்டிக்குப் பக்கத்தில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு, இலங்கையில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி காசில்லாமலே வந்து சேர வேண்டும். 1952 முதல் அது சட்டவைப்பு நூலகம். ஆகவே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சான தமிழ் நூலுக்குப் பணம் ஒதுக்காமல் சமாளிக்கலாம். சென்னையில் அச்சானதற்கு அது முடியாது. ஆனால் எல்லா அச்சகங்களும் ஒழுங்காக அனுப்புவதில்லை. அப்படி வரும் பிரதியும் பொதுவாக அங்கேயே இருந்து படிப்பதற்குத்தான். மாணவர் வீட்டுக்கு எடுத்துப்போக இன்னொரு பிரதியை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

★

புத்தகம் காத்திருக்கும், சஞ்சிகை காத்திருக்காது. இந்த வருடம் வாங்காத புத்தகத்தை அடுத்த வருடம் வாங்கலாம். சஞ்சிகைக்கு ஒரு வருடச் சந்தா விட்டுப்போனால் தொடரில் ஓட்டை விழும். அதனால் நூலகர் முதலில் சந்தாக்களைக் கட்டிவிட்டு, மிச்சத்தைப் புத்தகத்துக்கு வைக்கிறார். சந்தா விலையோ வருடாவருடம் 5 சதவீத அளவில் ஏறுவது வழக்கம். பாதீடு அப்படியே நின்றால் ஒவ்வொரு வருடமும் தேய்வது புத்தகப் பங்குதான். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்காமலே இது நடந்துவிடுகிறது!

★

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 அளவில் நின்றது. இது வெளிநாட்டுச் சஞ்சிகை வாங்கும் நூலகத்துக்கு என்ன செய்யும்? 60 இலட்சம் ரூபா ஒதுக்கிய ஒரு நூலகத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். சஞ்சிகை ஒன்று 2,000 டொலர் என்றால் முன்பு 15 வாங்கலாம். விலை 5 சதவீதம் ஏறி 2,100 டொலராகி, மாற்று விகிதமும் 360 ஆனால் ஒன்றுக்கு 7,56,000 ரூபா. அதே 60 இலட்சத்துக்கு ஏழுதான் கிடைக்கும். ஒதுக்கீட்டில் ஒரு ரூபாவும் வெட்டப்படவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டது.

★

அச்சுச் சஞ்சிகையை நிறுத்தினால் பழைய இதழ்கள் தட்டிலேயே இருக்கும். மின்சந்தாவை நிறுத்தினால், காசு கட்டிய வருடங்களின் இதழ்களும் கைக்கு எட்டாமல் போகலாம். நிரந்தர அணுக்கம் உண்டா என்பது ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரியைப் பொறுத்தது. பல பதிப்பாளரின் இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளங்களில் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. அவற்றில் புதிய கட்டுரைகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்தே வருவதும் உண்டு. இதைப் பாராமல் அச்சுப் பிரதியை நிறுத்திய நூலகங்கள் பின்னால் கையைப் பிசைந்திருக்கின்றன.

★

எதை வெட்டுவது என்று பார்க்க நூலகர்கள் ஒரு வகுத்தல் செய்வார்கள்: சந்தாத் தொகையை, தரவிறக்கிய கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 12 இலட்ச ரூபாத் தரவுத்தளத்தில் 6,000 கட்டுரைகள் என்றால் ஒன்றுக்கு 200 ரூபா. 3 இலட்ச ரூபாச் சஞ்சிகையில் 60 என்றால் ஒன்றுக்கு 5,000 ரூபா. இரண்டாவதை வெட்டலாம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒற்றைக் கட்டுரையைத் தனியாக வாங்க 35 டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபா என்றால் 10,500 ரூபா. அறுபதுக்கும் 6,30,000. சந்தாவே பாதி விலைக்குள் முடிகிறது.

அந்த இரண்டாவது, கால்நடை மருத்துவச் சஞ்சிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் கால்நடை மருத்துவ பீடம் உள்ள ஒரே பல்கலைக்கழகம் பேராதனைதான். அங்கே நிறுத்தினால், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இரவல் கேட்கலாம் என்ற வழியும் அநேகமாக அடைபடும். படிப்பவர் தொகை சிறியது என்பதற்காக வெட்டுவது இந்த இடத்தில் தவறு என்பேன்.

★

அந்த வகுத்தலிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே கட்டுரையை ஒருவர் முதலில் திரையில் திறந்து, பிறகு கோப்பாக இறக்கினால் இரண்டு என்று எண்ணும் அறிக்கையும் இருக்கிறது. பதிப்பாளர் அனுப்பும் கவுண்டர் அறிக்கையில் `Total_Item_Requests` அப்படித்தான் கூட்டும். `Unique_Item_Requests` அதை ஒன்றாகவே எண்ணும். முன்னதை வைத்து வகுத்தால் சந்தா இருப்பதைவிட மலிவாகத் தெரியும். விற்பவர் எந்த எண்ணைக் காட்டுவார் என்று சொல்லவும் வேண்டுமா?

★

நூலகத்தில் இல்லாத சஞ்சிகையை நீங்கள் திறக்கப் பார்த்து, அனுமதி இல்லை என்று திரை சொன்னால், அதுவும் பதிவாகலாம். பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து முயன்றால் அந்த மறுப்பு `No_License` என்ற பெயரில் நூலகரின் அறிக்கைக்குப் போகும். ஆனால் வீட்டிலிருந்து, நூலகக் கணக்கில் நுழையாமல் முயன்றால் உங்களுக்கு எது தேவைப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. சந்தாப் புதுப்பிப்புகள் வருடக் கடைசியில் முடிவாகிவிடும். அதற்கு முன்னரே, செப்டெம்பருக்குள், சஞ்சிகையின் பெயரை எழுதி நூலகரிடம் கொடுத்துவிடுங்கள்.